சில்லுமூக்கு உடைந்தால் எங்கே அழுத்துவது, எவ்வளவு நேரம் அழுத்துவது

குழந்தையின் மூக்கிலிருந்து ரத்தம் வடிந்ததும் பெரியவர்கள் முதலில் சொல்வது "அண்ணாந்து படு" என்பதுதான். அண்ணாந்தால் ரத்தம் நிற்பதில்லை. வெளியே வடிந்தது தொண்டைக்குள் இறங்குகிறது, அவ்வளவே. விழுங்கிய ரத்தம் வயிற்றைப் புரட்டி வாந்தியாக வரும்போது பதற்றம் இரட்டிப்பாகிறது.

குழந்தைகளுக்குப் பெரும்பாலும் ரத்தம் வருவது மூக்கின் நடுச்சுவரின் முன்பகுதியிலிருந்து. மெல்லிய சவ்வுக்கு அடியில் நுண்ணிய ரத்தக்குழாய்கள் பின்னிக் கிடக்கும் அந்த இடம், மூக்கைக் குடையும் விரலுக்கு எளிதில் எட்டும். மூக்குத்தண்டின் எலும்பைப் பிடித்து அழுத்துகிறவர்கள் ஏன் தோற்கிறார்கள் என்பதற்கு இதுவே விடை: எலும்பு அமுங்காது, கசியும் இடமோ அதற்குக் கீழே இருக்கிறது.

ஆறு வயதுக் குழந்தை இரவு 9.10க்கு ரத்தத்தோடு வந்து நிற்கிறது என்று வைத்துக்கொள்வோம். நிமிர்ந்து உட்கார வைத்து, தலையைச் சற்று முன்னால் குனியச் செய்து, வாயால் மூச்சுவிடச் சொல்ல வேண்டும். எலும்புக்குக் கீழே மூக்கின் மென்மையான பகுதி முழுவதையும் கட்டைவிரலாலும் ஆள்காட்டி விரலாலும் இருபுறமும் சேர்த்துப் பிடித்து, 9.20 வரை விடாமல் அழுத்த வேண்டும். வாய்க்குள் வரும் ரத்தத்தைத் துப்பச் சொல்லலாம். பெரும்பாலோர் தவறுவது இந்தப் பத்து நிமிடத்தில்தான் என்பது என் கருத்து. நின்றுவிட்டதா என்று இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை விரலை எடுத்துப் பார்த்தால், அப்போதுதான் உறையத் தொடங்கிய ரத்தம் கலைந்துவிடுகிறது. மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டியதுதான். பஞ்சைத் திணிப்பதும் அப்படியே, அதை உருவும்போது உறைந்த பொருக்கும் கூடவே பெயர்ந்து வரும். பனிக்கட்டி வைப்பதில் குற்றமில்லை, ஆனால் அது அழுத்தத்துக்கு மாற்று அல்ல.

9.20க்கும் வடிந்தால் இன்னொரு பத்து நிமிடம் அழுத்தலாம். நின்றபின் ஒரு நாளைக்காவது மூக்கைச் சிந்தாமலும் குடையாமலும் பார்த்துக்கொள்ள வேண்டும்.

சரியான இடத்தில் இருபது நிமிடம் அழுத்தியும் நிற்காவிட்டால் மருத்துவமனைக்குப் புறப்பட வேண்டும், வழியிலும் அழுத்தத்தை விடக்கூடாது. ரத்தம் மிக அதிகமாகக் கொட்டினாலோ, குழந்தை வெளிறித் தளர்ந்தாலோ, மூச்சுவிடச் சிரமப்பட்டாலோ, தலையிலோ முகத்திலோ அடிபட்டபின் வந்தாலோ அந்த இருபது நிமிடமும் காத்திருக்க வேண்டாம். இரண்டு வயதுக்கு உட்பட்ட குழந்தைக்கு இது வழக்கமானதன்று. நின்றுவிட்டாலும் மருத்துவரிடம் காட்டுங்கள். அடிக்கடி வருவதோடு, காரணமில்லாமல் உடலில் கன்றிப்போன திட்டுகளோ ஈறுகளில் ரத்தக்கசிவோ இருந்தால் ரத்தப் பரிசோதனை தேவைப்படலாம். ஒரே துவாரத்தில் மட்டும் ரத்தத்தோடு நாற்றமெடுக்கும் சளியும் வந்தால், உள்ளே ஏதோ பொருள் சிக்கியிருக்கக்கூடும். அது பொத்தான் பேட்டரியாக இருந்தால் சில மணி நேரத்திலேயே நடுச்சுவரை அரித்துவிடும் என்பதால், அந்தச் சந்தேகம் எழுந்தவுடன், இரவென்றாலும், அவசரப் பிரிவுக்குக் கொண்டுசெல்ல வேண்டும்.