அந்தக் கல் முகத்துக்கு ஒரு காலத்தில் கண் இருந்தது

போன மாதம் எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் அண்ணன் எழுதினார்: "திங்கட்கிழமையிலிருந்து தினமும் காலை 5 மணிக்கு வாக்கிங்." எல்லோரும் கட்டைவிரல் போட்டார்கள். கல்லூரியில் படிக்கும் அக்கா மகன் மட்டும் 🗿 போட்டான். கூட ஒரு வார்த்தை இல்லை. வியாழக்கிழமை, "இன்னிக்கு மழை, போகல" என்று அண்ணன் எழுத, மறுபடியும் அதே 🗿. "என்னடா இது?" என்று கேட்டுவிட்டு அண்ணன் இரண்டு நாள் குழுப் பக்கமே வரவில்லை.

பையனைக் கூப்பிட்டுப் பேசினேன். "சித்தி, முதல்ல போட்டது 'பார்ப்போம்'. ரெண்டாவது 'எனக்கு அப்பவே தெரியும் மாமா'. திட்டல்லாம் இல்ல" என்றான். அவன் சொன்னது உண்மை என்றே நம்புகிறேன். ஆனால் அண்ணனுக்கு ஏன் வலித்தது என்பதும் எனக்குப் புரிந்தது.

😐 போட்டால் எனக்குப் பிடிக்கவில்லை என்று தெரிந்துவிடும். 😏 போட்டால் கிண்டல் வெளிப்படையாக நிற்கும். கல் முகத்தில் அப்படி எதுவும் இல்லை. முந்தின வரி என்னவோ, அதுதான் அதன் அர்த்தம். ஒருவர் சவால் விட்ட பிறகு வந்தால் சந்தேகம். சவாலில் தோற்ற பிறகு வந்தால் "சொன்னேன்ல". "ஒரே நாள்ல முடிச்சிட்டேன் 🗿" என்று தன் வாக்கியத்தின் கடைசியில் தானே ஒட்டிக்கொண்டால் அது அலட்டல். நெருங்கிய நண்பர்கள் இடையே இது அழகாக வேலை செய்கிறது, ஏனென்றால் விட்டுப்போன குரலையும் முகத்தையும் அவர்கள் நினைவிலிருந்தே நிரப்பிக்கொள்கிறார்கள். அந்தப் பழக்கம் இல்லாதவருக்குக் கல் கல்லாகத்தான் தெரியும்.

இது எங்கிருந்து வந்தது என்று தேடியபோதுதான் எனக்கு ஆச்சரியம். ஜப்பான் கைபேசிகளில் இருந்த எமோஜிகளை 2010இல், எல்லாப் போன்களுக்கும் பொதுவான எழுத்துப் பட்டியலான யுனிகோடு சேர்த்துக்கொண்டபோது வந்த படம் இது. U+1F5FF என்ற எண்ணில் அதற்கு வைத்த பெயர் MOYAI. டோக்கியோவின் ஷிபுயா ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் நிற்கும் ஒரு சிலையின் பெயர் அது. டோக்கியோவுக்குத் தெற்கே கடலில் உள்ள நீஜிமா தீவு மக்கள் 1980இல் கொடுத்தது. அவர்கள் பேச்சில் 'மோயாய்' என்றால் ஒருவருக்கொருவர் கைகொடுத்து வேலை செய்வது. ஈஸ்டர் தீவின் 'மோவாய்' சிலைகளோடு உருவமும் பெயரும் ஒத்துப்போக, இன்று பெரும்பாலான போன்களில் ஈஸ்டர் தீவு முகமே தெரிகிறது.

அந்த முகத்தைப் பற்றித்தான் எனக்குச் சொல்ல இருக்கிறது. ராப்பா நூயி என்று அந்த மண்ணின் மக்கள் அழைக்கும் அந்தத் தீவில், மோவாய் என்பது முன்னோர். பெரும்பாலானவை கடலுக்கு முதுகு காட்டி, ஊரைப் பார்த்து நிறுத்தப்பட்டவை. 1978இல் அனாகேனா கடற்கரையில் நடந்த ஆய்வில், வெள்ளைப் பவளத்தில் செதுக்கிய ஒரு கண் கிடைத்தது. அதற்குப் பிறகுதான், மேடையில் ஏற்றிய சிலைகளின் வெற்றுக் குழிகளில் ஒரு காலத்தில் கண்கள் பதித்திருந்தார்கள் என்பது தெளிவானது. நம் ஊர்க் கோயில் சிலைக்குக் கடைசியில் கண் திறப்பதை நினைத்துக்கொண்டேன். கண் வைத்த மோவாய் தன் ஊரைப் பார்த்துக்கொண்டே நிற்கும் பெரியவர். நாம் 'எந்த உணர்ச்சியும் இல்லாத முகம்' என்று அனுப்புவது, கண் போன பிறகு மிஞ்சிய முகம்.

அதனால் யாரும் அனுப்பக்கூடாது என்று நான் சொல்லவில்லை. 2024 தொடக்கத்தில், ராப்பா நூயி எந்த நாட்டில் இருக்கிறதோ அந்தச் சிலி நாட்டு மக்கள் இதே எமோஜியை வேறு விதமாக அனுப்பினார்கள். 1868இல் ஒரு பிரிட்டிஷ் கப்பல் தூக்கிப்போன ஹோவா ஹக்கனனையா என்ற மோவாய் இன்றும் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில்தான் இருக்கிறது. அந்த அருங்காட்சியகத்தின் இன்ஸ்டாகிராம் பக்கத்தில் "மோவாயைத் திருப்பிக் கொடுங்கள்" என்ற வரியோடு கல் முகங்களைக் குவித்தார்கள். ஒரு பதிவில் கருத்துப் பகுதியையே மூட வேண்டியதாயிற்று. அங்கே அந்த முகத்துக்குப் பின்னால் இருந்தது என்ன என்பதில் யாருக்கும் சந்தேகம் வரவில்லை, ஏனென்றால் கூடவே ஒரு வரி இருந்தது.

என் அபிப்பிராயம் இதுதான். கேள்வி கேட்டவருக்கும், உடம்பு சரியில்லை என்றவருக்கும், ஏதோ ஒரு முயற்சியை முதல்முறை வெளியே சொன்னவருக்கும் தனிக் கல் போகக்கூடாது. அவர்கள் அந்த நேரத்தில் ஒரு முகத்தைத் தேடித்தான் எழுதுகிறார்கள். தவறாகப் போய்விட்டதா என்று கண்டுபிடிப்பதும் சுலபம். கல்லுக்குப் பிறகு எதிரில் இருப்பவர் சிரித்தாலோ பதிலுக்குக் கல் போட்டாலோ சரி. பேச்சு அங்கேயே நின்றுவிட்டால், உடனே ஒரு வரி எழுதிவிட வேண்டும்.

பையனிடமும் இதைச் சொன்னேன். ஞாயிற்றுக்கிழமை காலை 5:20க்கு அண்ணன் குழுவில் ஒரு படம் போட்டார், பூங்கா வாசலில் நிற்கிறார். அவன் அனுப்பியது: "மாமா, நாளைக்கு நானும் வரேன் 🗿."