அந்தச் சாயங்காலக் கோட்டை அழிக்காதீர்கள்

நான்காவது முறையாக என் சிறுகதை பத்திரிகையிலிருந்து சிவப்பு மை பூசிக்கொண்டு திரும்பி வந்திருக்கிறது. இந்த முறை பொறுத்துக்கொள்ளப் போவதில்லை.

கதை மிகச் சின்னது. ஆறு வயதுச் சிறுமி ஒருத்தி சுவரோரம் ஒரு சூரியகாந்தி விதையை ஊன்றுகிறாள். முளை வந்த நாளிலிருந்து தினமும் அதன் பக்கத்தில் போய் நின்று, தன் உயரத்தைச் சுவரில் பென்சிலால் குறித்துக்கொள்கிறாள். செடிக்கும் பக்கத்திலேயே ஒரு கோடு. அவளுக்கு ஒரு வரிசை, செடிக்கு ஒரு வரிசை. ஒன்பது பக்கத்தில் முடிந்துவிடும். வில்லன் கிடையாது, விபத்து கிடையாது, யாரும் சாவதும் இல்லை. இதைத் திருத்தாமல் விட இவர்களால் முடியவில்லை.

முதல் திருத்தத்தைச் சொல்கிறேன், நீங்களே பாருங்கள். "மூன்று வாரம் கழித்துப் பார்த்தபோது அவள் நான்கு விரற்கடை வளர்ந்திருந்தாள்" என்று ஒரு வாக்கியத்தை நடுவில் செருகியிருக்கிறார்கள். நான்கு விரற்கடை என்றால் ஏறக்குறைய ஏழு சென்டிமீட்டர். ஆறு வயதுப் பிள்ளை ஒரு வருடம் முழுக்க வளர்வதே ஐந்து, ஆறு சென்டிமீட்டர்தான். ஒரு வருடத்துக்கும் மேலான வளர்ச்சியை மூன்று வாரத்தில் அந்தக் குழந்தையின் தலையில் ஏற்றிவிட்டார்கள். கணக்குப் போட எவ்வளவு நேரமாகும்? வருடத்துக்கு ஐந்தரை சென்டிமீட்டர் என்று வைத்துக்கொண்டால் ஒரு நாளைக்கு ஒரு மில்லிமீட்டரில் ஏழில் ஒரு பங்கு வருகிறது. கூர் மழுங்காத பென்சில் இழுக்கும் கோடே அரை மில்லிமீட்டர் கனமாவது இருக்கும். அதாவது அவளுடைய மூன்று நாள் வளர்ச்சி ஒரே கோட்டின் தடிப்புக்குள் ஒளிந்துகொள்ளும். இன்றைய கோடு நேற்றைய கோட்டின் மேலேயேதான் விழும். நாளையதும் அப்படித்தான். ஒரே இடத்தில் கோட்டுக்கு மேல் கோடாகப் போட்டுப் போட்டு அந்த இடம் கரிக்கட்டையால் தேய்த்ததுபோல் கறுத்துப்போகும். என் கதையின் மூன்றாம் பக்கம் முழுவதும் அந்தக் கறுத்த இடத்தைப் பற்றியதுதான். அதைத்தான் "சலிப்பூட்டுகிறது, வெட்டலாம்" என்று வட்டம் போட்டிருக்கிறார்கள்.

சலிப்பாகத்தான் இருக்கும், ஐயா. அந்தக் குழந்தைக்கும் சலிப்பாகத்தான் இருந்தது. அவள் கோடு அசையாமல் கிடக்கிறது, பக்கத்துக் கோடு ஏறிக்கொண்டே போகிறது. கதையே அதுதானே?

நான் இதை மேசையில் உட்கார்ந்து கற்பனையில் இழுத்துப் பின்னவில்லை. எழுதுவதற்கு முன் என் அக்காள் மகளை வைத்து எழுபது நாளுக்கு மேல் அளந்து பார்த்திருக்கிறேன். அவளும் ஆறு வயது, தொடங்கிய நாளில் நூற்றுப் பன்னிரண்டு சென்டிமீட்டர். முதல் வாரம் அவளே தன்னை அளந்துகொண்டாள். பென்சிலைத் தலைமேல் வைத்து, கையைப் பின்னால் வளைத்து, கண்ணை மேலே உருட்டிக்கொண்டு கோடு போடுவாள். பென்சில் சாய்ந்துவிடும். முனை சுவரைத் தொடும்போது தலையைவிட இரண்டு சென்டிமீட்டர் மேலே போயிருக்கும். மேலே பார்ப்பதற்காக முகவாயைத் தூக்கினால் உச்சந்தலை பின்னால் சரியும், அதில் இன்னொரு தவறு. அந்த வாரத்துக் கோடுகள் தவளை தாவியதுபோல் மேலும் கீழுமாகக் கிடந்தன. அதன் பிறகு கனத்த அட்டை போட்ட ஒரு புத்தகத்தை எடுத்தோம். குதிகால், பிட்டம், முதுகு மூன்றும் சுவரில் படவேண்டும், பார்வை நேராக இருக்கவேண்டும். புத்தகத்தின் ஒரு விளிம்பு சுவரோடு ஒட்ட, அடிப்பக்கம் உச்சந்தலையில் முடியை அமுக்கிக்கொண்டு உட்காரவேண்டும். கோட்டை நான் போட்டேன். அன்றிலிருந்துதான் கோடுகள் ஒழுங்குக்கு வந்தன, ஒன்றின்மேல் ஒன்றாக விழத் தொடங்கின. அவள் முகம் வாடத் தொடங்கியதும் அன்றிலிருந்துதான். தவறாக அளந்தபோது வளர்ந்துகொண்டிருந்தாள், சரியாக அளந்ததும் நின்றுபோனாள்.

செடியின் கதை வேறு. முளைத்த முதல் இரண்டு வாரம் அதுவும் பெரிதாக ஒன்றும் செய்யவில்லை. இரண்டு தடித்த விதையிலைகளை விரித்துக்கொண்டு சும்மா நின்றது. மண்ணுக்குக் கீழே வேர் ஓடிக்கொண்டிருந்ததே தவிர மேலே ஒன்றும் தெரியவில்லை. அந்த இரண்டு வாரம்தான் அவர்கள் இருவரும் சிநேகமாக இருந்த காலம். ஐந்தாவது, ஆறாவது வாரத்தில் அது கிளம்பியது பாருங்கள்! ஒரே நாளில் மூன்று சென்டிமீட்டர் ஏறிய நாள்கூட உண்டு. அவளுக்கு அரை வருடம் பிடிக்கிற உயரம் அது. சுவர்ப்பக்கம் நிழலாக இருந்ததால் தண்டு வெளிச்சத்தைத் தேடி வெளிப்பக்கம் சாய்ந்தது. குச்சி நட்டு நிமிர்த்திக் கட்டியதும் ஒரே நிமிடத்தில் நான்கு சென்டிமீட்டர் கூடிவிட்டது. "அதற்கு மட்டும் குச்சியா, சித்தி?" என்று கேட்டாள். பதில் சொல்லத் தெரியாமல் நின்றேன். அந்தக் கேள்வியைக் கதையில் அப்படியே வைத்தேன். அதையும் அடித்துவிட்டார்கள்.

இனி, என் வயிறு எரிகிற இடத்துக்கு வருகிறேன்.

ஒரு நாள் காலையில் அளக்க மறந்துவிட்டோம். மாலையில் விளையாடிவிட்டு வந்தவளை நிறுத்திப் புத்தகத்தை வைத்தேன். கோடு கீழே விழுந்தது. முந்தின நாள் காலைக் கோட்டைவிட முக்கால் சென்டிமீட்டர் கீழே. மறுபடி வைத்தேன், அதே இடம்தான். அவள் திரும்பிப் பார்த்தாள், விரலால் இரண்டு கோட்டையும் தொட்டாள், ஒரு வார்த்தை பேசவில்லை. போய்ச் செருப்பைக் கழற்றினோமா என்று தன் காலைக் குனிந்து பார்த்துக்கொண்டாள். கழற்றித்தான் இருந்தது.

இது பிழையல்ல. எல்லோருக்கும் நடப்பதுதான். முதுகெலும்புக் கண்ணிகளுக்கு இடையில் நீர் கோத்த மெத்தைபோல் வட்டுகள் இருக்கின்றன. எழுந்து நின்று, ஓடி, குதித்து, உட்காரும்போது உடல் எடை அவற்றை அழுத்தி நீரைக் கொஞ்சம் கொஞ்சமாக வெளியேற்றுகிறது. இரவு படுத்ததும் அவை திரும்ப ஊறிக்கொள்கின்றன. அதனால் காலையில் எழும்போது இருக்கும் உயரம் மாலையில் இருப்பதில்லை, ஒரு சென்டிமீட்டர் அளவுக்குக்கூடக் குறையும். அதிலும் பெரும்பங்கு எழுந்த முதல் சில மணி நேரத்திலேயே போய்விடுகிறது. பிள்ளைகளின் வளர்ச்சியைக் கணக்கெடுக்கிறவர்கள் முடிந்தவரை ஒரே நேரத்தில் அளக்கச் சொல்வது இதற்காகத்தான். ஒரு பகலில் அவள் இழக்கும் உயரம் அவளுடைய ஐம்பது நாள் சம்பாத்தியம். தினமும் இழந்து, தினமும் இரவில் திரும்பப் பெற்று, அதற்கு மேல் அந்த ஏழில் ஒரு பங்கு மில்லிமீட்டரைச் சேர்த்துக்கொண்டு எழுந்திருக்கிறாள். இதைவிடப் பெரிய கதைத் திருப்பம் எனக்கு எங்கே கிடைக்கும்?

இந்தச் சாயங்காலக் கோட்டைத்தான் பத்திரிகைக்காரர் எடுத்துவிட்டார். தொலைபேசியில் காரணமும் சொன்னார். "குழந்தை குள்ளமாவது எப்படி, அம்மா? வாசகர் தவறு என்று நினைப்பார். நமக்கெதற்கு வம்பு?" அரைப் பக்கத்தில் அந்த வட்டுகளைப் பற்றிச் சிறுமியின் சித்தி சொல்கிறாளே, அதைப் படித்தீர்களா என்று கேட்டேன். "அது பாடம் மாதிரி இருக்கிறது, எடுத்துவிட்டோம்" என்றார். விளக்கத்தை எடுத்துவிட்டுப் பிறகு விளக்கமில்லை என்று கோட்டையும் எடுத்துவிடுவதா? இது எந்த ஊர் நியாயம்?

இன்னொரு நண்பர் இருக்கிறார், நல்ல வாசகர், அன்பானவர். அவருக்குக் கண்ணீர் வேண்டும். செடி வாடிப் போகட்டும், ஆடு மேய்ந்துவிடட்டும், சிறுமி அழட்டும் என்கிறார். வேறொருவருக்கு இருவரும் சரிசமமாக நின்று சிரிக்க வேண்டும். பத்திரிகைக்காரருக்கோ கடைசியில் அம்மா வந்து அவளைக் கட்டிக்கொண்டு "நீயும் இப்படித்தான் ஒரு நாள் வளர்வாய், கண்ணே" என்று சொல்லியாக வேண்டும். எழுதியே அனுப்பியிருக்கிறார், ஏழு வரி. அவள் அப்படி வளர மாட்டாள்! அந்தத் தண்டு நுனியில் வளர்வது, முதிர்ந்த அடிப்பகுதி இருந்த இடத்திலேயே இருக்கும். அடித்தண்டில் நாங்கள் மையால் வைத்த புள்ளி கடைசிவரை அதே உயரத்தில் நின்றதை நான் பார்த்தேன். அவள் வளர்வது கால் எலும்புகளின் முனைகளுக்குள், முதுகின் ஒவ்வொரு கண்ணியிலும். அது ஒரே பருவத்தில் தன் உயரம் முழுவதையும் செலவழித்துவிடும். அவளுக்கு இன்னும் பத்து வருடம் பாக்கி இருக்கிறது. இரண்டையும் ஒன்று என்று ஒரு தாயின் வாயால் பொய் சொல்லவைக்க நான் ஏன் ஒப்புக்கொள்ள வேண்டும்?

என் முடிவு என்னவென்று சொல்லிவிடுகிறேன், அதைத்தான் இவர்கள் வெட்டி எறிந்தார்கள். செடி அவளைத் தாண்டி, என்னையும் தாண்டி, பூத்து நின்றது. பூவில் விதை பால்பிடித்துக் கனமேறியதும் பூவுக்குக் கீழே கழுத்து வளையத் தொடங்கியது. ஒரு வாரத்தில் முகம் தரையைப் பார்த்துவிட்டது. அன்றும் அவள் புத்தகமும் பென்சிலுமாக வந்தாள். நான் முக்காலியில் ஏறி அளந்தேன். செடியின் கோடு முந்தின கோட்டுக்கு ஒரு சாண் கீழே விழுந்தது. அவளுடைய கோடு அந்தக் கறுத்த இடத்துக்கு ஒரு சென்டிமீட்டர் மேலே இருந்தது, காலைக் கோடு. அவள் அண்ணாந்து இரண்டு கோட்டையும் மாறி மாறிப் பார்த்தாள். எனக்குத்தான் தொண்டை அடைத்தது, அவளுக்கு ஒன்றுமில்லை.

"அதற்கும் சாயங்காலம் ஆகிவிட்டது, சித்தி" என்றாள்.

கதை அங்கே முடிகிறது. சாயங்காலக் கோட்டை ஐந்தாம் பக்கத்தில் எடுத்துவிட்டால் ஒன்பதாம் பக்கத்தில் இந்த வாக்கியத்துக்கு உயிர் ஏது? ஏழு வரி அம்மாவை உள்ளே விட்டால் இந்தக் குழந்தை நிற்க இடம் ஏது? பழைய பிரதியை, ஒரு எழுத்து மாற்றாமல், நாளைக் காலை மறுபடி தபாலில் போடப் போகிறேன். ஐந்தாம் பக்கத்தில் அந்தக் கோடு இருக்கும். வேண்டாமென்றால் திருப்பி அனுப்புங்கள், சிவப்பு மை இல்லாமல்.