ஸ்வீட் பாக்ஸ் கணக்கும் கிளியரிங் ஏஜென்ட் பில்லும்

திருப்பூர், கரூர் பக்கம் ஏற்றுமதி கம்பெனிகளில் லஞ்சத் தடுப்புத் தணிக்கை என்று வருகிறவர்கள் பலரும், கம்பெனி வெளியாட்களுக்குக் கொடுத்ததை எழுதி வைக்கும் பரிசுப் பதிவேட்டை விரித்து, வரிக்கு வரி கையெழுத்து இருக்கிறதா என்று டிக் அடித்துவிட்டுக் கிளம்பிவிடுகிறார்கள். இது தணிக்கையே இல்லை என்பேன். மறைக்க நினைக்கிறவர் அந்தப் பதிவேட்டில் எழுதவே மாட்டார். லெட்ஜரில் தொடங்கித்தான் பதிவேட்டுக்கு வர வேண்டும்.

தீபாவளிச் செலவையே ஒரு உதாரணமாக எடுத்துக்கொள்வோம். கடை பில்லில் 240 ஸ்வீட் பாக்ஸ். சம்பளப் பட்டியல்படி தொழிலாளர்களுக்கு 190, ஜாப் ஒர்க் யூனிட்டுகளுக்கு 25. மீதி 25. பதிவேட்டில் இருப்பதோ ஆறே வரி, ஆறும் பையர் ஆபீஸ் ஆட்கள். மிச்சம் 19 பாக்ஸ் யார் வீட்டுக்குப் போனது? அந்த வாரத்து வண்டி டிரிப் ஷீட்டைப் பாருங்கள், கேள்வி கேட்க வேண்டிய இடம் தெரியும். இனிப்போடு நிற்காது. அதே வாரம் வாங்கிய வெள்ளிக் காசோ கிஃப்ட் கார்டோ 'பணியாளர் நலன்' தலைப்பில் உட்கார்ந்திருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும்.

இதைவிடப் பெரிய ஓட்டை, துறைமுகத்தில் நமக்காகச் சுங்க வேலையை முடித்துத் தரும் கிளியரிங் ஏஜென்டின் பில். ஏஜென்டின் சர்வீஸ் கட்டணத்துக்கு ஒப்பந்த ரேட் இருக்கும். துறைமுகக் கட்டணத்துக்கு ரசீது இருக்கும். கீழே 'இதர செலவு' என்று ஒரு வரி, கண்டெய்னருக்கு 3,500 ரூபாய், ரசீது கிடையாது. 40 கண்டெய்னருக்கு 1,40,000. தூத்துக்குடியில் சுங்கத்துறை சரக்கைத் திறந்து சோதித்த கண்டெய்னரையும், சோதனையே இல்லாமல் போன கண்டெய்னரையும் தனித்தனியாகப் பிரித்து இந்த வரியை ஒப்பிடுங்கள். உண்மையான கூலிச் செலவு என்றால் சோதித்ததற்குத்தான் கூடுதலாக வரும். இரண்டுக்கும் ஒரே முழுத்தொகை என்றால் அது மாமூல் ரேட்டாக இருக்கலாம். ஏஜென்டிடம் எழுத்தில் விளக்கம் வாங்காமல் அந்தக் கோப்பை மூடக் கூடாது.

"கொடுத்தது ஏஜென்ட், நமக்கென்ன" என்று முதலாளிகள் சொல்வது செல்லாது. ஊழல் தடுப்புச் சட்டத்தில் 2018 திருத்தத்துக்குப் பிறகு, கம்பெனிக்கு வேலை ஆவதற்காக ஏஜென்ட் கொடுத்தாலும் கம்பெனி மேலேயே வழக்கு வரும். தடுக்கப் போதுமான நடைமுறை வைத்திருந்தோம் என்று காட்டினால்தான் தப்பலாம்.

அந்த நடைமுறை ஒப்புதல் வவுச்சரில் தெரிந்துவிடும். மேனேஜரின் வரம்பு 5,000 என்றால், ஒரே நாளில் ஒரே ஆளுக்கு 4,800, 4,900 என்று இரண்டு வவுச்சர் வந்திருக்கிறதா? அப்படியானால் ஒரே செலவை வெட்டிப் போட்டிருக்கலாம். ஒப்புதல் தேதி பணம் போன தேதிக்குப் பிந்தியதா? கேட்டவரே ஒப்புதலும் கொடுத்தாரா? சும்மா பத்து வவுச்சரை உருவிப் பார்த்தால் இதெல்லாம் சிக்காது. டேலியிலிருந்து வருஷக் கணக்கு முழுவதையும் எக்செல்லில் இறக்கி, ஆள்வாரியாக, தேதிவாரியாக அடுக்கிப் பார்க்க வேண்டும்.

இதற்கும் ஒரு எல்லை உண்டு. ஏஜென்ட் தன் சர்வீஸ் கட்டணத்திலிருந்தே எடுத்துக் கொடுத்தால் நம் புத்தகத்தில் தடயமே இருக்காது. ஊரில் மற்ற ஏஜென்டுகள் வாங்குவதைவிட அவர் ரேட் ஏன் கூடுதல் என்பதை அப்போது கேட்க வேண்டும். அவருடைய கணக்குப் புத்தகத்தைப் பார்க்கும் உரிமையை ஒப்பந்தத்திலேயே எழுதி வாங்கியிருக்கவும் வேண்டும்.