கெட்ட மூட்டைக்கு யார் பொறுப்பு?

எங்கள் வியாசர்பாடித் தெருவில் பதினொரு வீடுகள் சேர்ந்து செங்குன்றத்து ஆலையிலிருந்து அரிசி இறக்குகிறோம். சேர்ந்து வாங்கினால் மலிவு என்பதில் யாருக்கும் சந்தேகம் இல்லை. வந்த மூட்டையில் ஒன்றிரண்டு கெட்டுப்போனால் நட்டம் யாருடையது என்பதில்தான் சண்டை வருகிறது. என் கருத்தை வெளிப்படையாகவே சொல்கிறேன்: அது மூட்டையைப் பெற்ற வீட்டின் நட்டம் அல்ல, எல்லோருடைய நட்டமும்தான்.

போன முறை வந்த கணக்கையே எடுத்துக்கொள்வோம். 26 கிலோ மூட்டைகள் இருபது. (25 கிலோ வரையுள்ள, பெயர் அச்சிட்டுக் கட்டிய மூட்டைக்கு 2022 ஜூலை 18 முதல் 5 சதவீத ஜி.எஸ்.டி. உண்டு. அதற்கு மேல் இல்லை. 26 கிலோ மூட்டை பரவியது அதனால்தான்.) கடையில் ஒரு மூட்டை 1,560 ரூபாய், ஆலையில் 1,352. குட்டியானை வாடகை 1,400, ஏற்றுக்கூலியும் இறக்குக்கூலியும் 400. ஆக மொத்தச் செலவு 1,800. மூட்டைக்கு 90 ரூபாய் விழுந்தது. அதைக் கழித்தாலும் மூட்டைக்கு 118 ரூபாய் மிச்சம்.

வண்டிச் செலவை வீட்டுக்கு இவ்வளவு என்று பிரிக்கலாமே என்று சிலர் கேட்டார்கள். கூடாது. நான்கு மூட்டை வாங்கும் கூட்டுக் குடும்பமும், ஒரே மூட்டை வாங்கும் தனித்த பாட்டியும் ஒரே தொகை கொடுத்தால், பாட்டியின் மிச்சத்தில் பெரும்பகுதி போய்விடும். மூட்டைக்கு இவ்வளவு என்பதே சரி. மாடிக்குத் தூக்கும் கூலி மட்டும் அந்தந்த வீட்டைச் சேர்ந்தது.

இறக்கிய வாரத்திலேயே இரண்டு வீட்டு மூட்டைகளில் வண்டு. கைப்பிடி அரிசியை வெள்ளைத் தட்டில் பரப்பி வெயிலில் வைத்தோம். சிறு கரும்பழுப்பு வண்டுகள் ஓரத்துக்கு ஓடின. மணிகளில் ஊசி குத்தியதுபோல் துளைகள், மூட்டையின் அடிமூலையில் மாவுத்தூள். அன்றே படம் எடுத்து ஆலைக்கு அனுப்பினோம். அவர்கள் மறுக்கவில்லை, இரண்டு மூட்டையின் விலையையும் திருப்பி அனுப்பினார்கள். ஆனால் அந்த இரண்டுக்கும் கொடுத்த வண்டிச் செலவு 180 ரூபாயை யார் தருவது?

"என் மூட்டையில் வண்டு இல்லையே, நான் எதற்கு அண்ணா கொடுக்க வேண்டும்?" என்று எதிர்வீட்டுத் தங்கை கேட்டார். கேள்வி நியாயமானதுதான். ஆனால் வண்டியிலிருந்து இறங்கும்போது எந்த மூட்டை யாருக்கு என்று யாரும் பார்த்து எடுக்கவில்லை. கெட்டது அவர் வாசலிலும் இறங்கியிருக்கலாம். மொத்தச் செலவு 1,800 ரூபாயை நல்ல மூட்டைகள் பதினெட்டுக்குப் பிரித்தால் மூட்டைக்கு 100 ரூபாய். கூடுதலாகக் கொடுப்பது பத்தே ரூபாய். அப்போதும் கடைவிலையைவிட 108 ரூபாய் குறைவு. இதைக் காகிதத்தில் எழுதிக் காட்டியதும் அவர் உடனே கொடுத்துவிட்டார்.

ஒரு மாதம் கழித்து வரும் வண்டுதான் சிக்கலானது. பெண் வண்டு மணியைத் துளைத்து உள்ளே முட்டையிட்டு, துளையை மூடிவிடும். புழு மணிக்குள்ளேயே வளர்ந்து, நான்கைந்து வாரம் கழித்து வண்டாக வெளியே வரும். வாங்கிய அன்று எவ்வளவு சலித்தாலும் கண்ணில் படாது. ஆகவே "ஒரு வாரத்துக்குள் சொன்னால்தான் பொறுப்பு" என்று விதி போடுவது அநியாயம். தனியாக வாங்கியவர் கடைக்காரரிடம் இதை நிரூபிக்கவே முடியாது, நம்மால் முடியும். அதே ஆலை, அதே லாட் மூட்டை பல வீடுகளில் இருக்கிறது. மூன்று நான்கு வீடுகளில் ஒரே சமயத்தில் வண்டு வந்தால், அது ஆலையிலிருந்தே வந்திருக்கவே வாய்ப்பு அதிகம். ஒரே வீட்டில் மட்டும் வந்தால் பழைய டிரம்மைக் கழுவிக் காயவைக்காமல் கொட்டினார்களா, ஈரத்தரையில் வைத்தார்களா என்று முதலில் அங்கே பார்க்க வேண்டும். அந்த நட்டத்தை மற்றவர் தலையில் கட்டக் கூடாது.

சோறு குழைகிறது, பிடிக்கவில்லை என்பதும் வேறு கணக்கு. புது அரிசி குழையத்தான் செய்யும், தண்ணீரைக் குறைத்து வைக்க வேண்டும். பழைய அரிசி என்று சொல்லிப் புதியதைக் கொடுத்திருந்தால்தான் அது ஆலையின் தவறு. அதனால்தான் பணம் கட்டுமுன் அரைக் கிலோ சாம்பிள் வாங்கி இரண்டு வீட்டில் வடித்துப் பார்க்கச் சொல்கிறேன்.

திருப்பி அனுப்ப ஒரு வழி. இரண்டு மூட்டைக்காகத் தனி வண்டி பிடித்தால், எல்லோருடைய மிச்சத்திலும் பெரும்பகுதி அதற்கே போய்விடும். ஆலைக்காரர் பிடித்துத் தரும் வண்டியை விட்டுவிட்டு, நம் பக்கத்திலேயே வண்டி பேசுங்கள். அது மூலக்கடை, புழல் வழியாகச் செங்குன்றத்துக்குப் போகும்போது காலியாகத்தானே போகிறது! அடுத்த லோடு எடுக்கப் போகும் நாளில் கெட்ட மூட்டைகள் அதிலேயே ஏறிப் போகட்டும். அதுவரை வாயை இறுக்கிக் கட்டி, பெரிய பிளாஸ்டிக் பையில் போட்டு, நல்ல அரிசி இருக்கும் அறைக்கு வெளியே வையுங்கள். எங்களுடையவை இரண்டும் இப்போது மொட்டைமாடி ஷெட்டில் இருக்கின்றன, அடுத்த வாரம் வண்டி போகிறது.