பெரிய கோயிலை முதலில் பார்க்க வேண்டாம்

சோழர் கோயில்களைப் பார்க்கப் புறப்படுகிறவர்களுக்குப் பெரும்பாலும் கிடைக்கும் பயணத் திட்டம் ஒன்றுதான். காலையில் தஞ்சாவூர் ரயில் நிலையத்தில் இறங்கி நேரே பெரிய கோயில், அதை முடித்ததும் அரண்மனையும் அதனுள் இருக்கும் கலைக்கூடமும், மாலையில் தாராசுரம், மறுநாள் நேரம் இருந்தால் கங்கைகொண்ட சோழபுரம். தூரத்தை மட்டும் கணக்கிட்டால் இதில் குறை சொல்ல முடியாது. ஆனால் கதையின் உச்சத்தை முதலிலேயே காட்டிவிடுவதால், அதற்குப் பிறகு வரும் எல்லாம் ‘இதைவிடச் சிறிய இன்னொரு கோயில்’ என்றுதான் மனத்தில் பதிகிறது. வரிசையை மாற்ற வேண்டும் என்பது என் கருத்து. அதற்காகக் கொஞ்சம் கூடுதலாகப் பயணம் செய்ய நேர்ந்தாலும் தவறில்லை.

நான் பரிந்துரைக்கும் தொடக்கம் கும்பகோணம். முதல் இரவு அங்கே தங்கி, காலையில் நாகேஸ்வரன் கோயிலுக்குச் செல்ல வேண்டும். ஒன்பதாம் நூற்றாண்டின் இறுதியை ஒட்டிய முற்காலச் சோழர் கட்டுமானமான அதன் கருவறைச் சுவரில், தெய்வ உருவங்களுக்கான மாடங்களாகிய தேவகோட்டங்களுக்கு இடையே ஆணும் பெண்ணுமாக மனித உருவங்கள் ஏறத்தாழ ஆளுயரத்தில் நிற்கின்றன. அவர்கள் அரச குடும்பத்தினரா, அடியார்களா என்று ஆய்வாளர்கள் இன்னும் விவாதிக்கிறார்கள். அங்கிருந்து தஞ்சாவூர்ச் சாலையில் பசுபதிகோயிலை ஒட்டிய புள்ளமங்கைக்குச் செல்ல வேண்டும். பத்தாம் நூற்றாண்டில் ஆண்ட முதலாம் பராந்தகன் காலத்துப் பிரம்மபுரீஸ்வரர் கோயில் அது. சிற்றூர்க் கோயில் என்பதால் முற்பகலிலேயே போய்ச் சேர்வது நல்லது.

இந்தப் பயணத்தில் அவசரப்படக் கூடாத இடம் என்று ஒன்றைக் கேட்டால் புள்ளமங்கையைத்தான் சொல்வேன். சோழர் சிவன் கோயிலின் இலக்கணம் முழுவதையும் சில நிமிடங்களில் சுற்றிவரக்கூடிய இந்தச் சுவரிலேயே கற்றுக்கொண்டுவிடலாம். வலம் வரும்போது, கருவறைக்கு முன்னால் உள்ள அர்த்தமண்டபத்தின் தென்சுவரில் பிள்ளையார், கருவறையின் தெற்கில் தட்சிணாமூர்த்தி, மேற்கில் லிங்கோத்பவர், வடக்கில் பிரம்மன், மீண்டும் அர்த்தமண்டபத்தின் வடசுவரில் துர்க்கை. இந்த ஐந்தையும் மனத்தில் இருத்திக்கொண்டால் அடுத்து வரும் எந்தச் சோழர் கோயிலிலும் வழிகாட்டி இல்லாமலே சுவரைப் படிக்கலாம். குனிந்து பார்த்தால், அடித்தளத்தை ஒட்டி உள்ளங்கை அளவுக் கட்டங்களுக்குள் இராமாயணக் காட்சிகளும் சிவனுடைய கதைகளும் செதுக்கப்பட்டிருக்கின்றன. துர்க்கையின் முன் இரண்டாவது முறையும் நிற்காமல் யாரும் திரும்புவதில்லை.

நண்பகலில் கோயில்களில் நடை சாத்துவதால், அந்நேரத்தைத் தஞ்சாவூரில் உணவுக்கும் ஓய்வுக்கும் வைத்துக்கொண்டு, நான்கு மணிக்குப் பெரிய கோயிலுக்குள் நுழையலாம். அங்கே முதலில் எதிர்ப்படும் பெரிய நந்தியும் அதன் மண்டபமும் நாயக்கர் காலத்தவை, அதாவது கருவறையின் மேல் எழும் விமானத்துக்கு ஏறத்தாழ ஐந்நூறு ஆண்டுகள் பிந்தியவை. அம்மன் கோயிலும் பிற்காலச் சேர்க்கைதான். முருகன் கோயில் நாயக்கர் பணி, மிக அழகானது, ஆனால் அன்று மாலை அதைத் தள்ளிவைத்துவிடுங்கள். கேரளாந்தகன் வாயில், இராஜராஜன் வாயில் என்ற இரண்டையும் கடந்து நேரே விமானத்தின் தென்சுவருக்குச் சென்றால் பத்தாம் நூற்றாண்டின் தொடர்ச்சி அறுபடாமல் இருக்கும்.

புள்ளமங்கையைப் பார்த்தவருக்கு இங்கே நேர்வது வெறும் உயரத்தின் வியப்பு அன்று. 1010-இல் இராஜராஜன் கலசம் அளித்த அந்த விமானம் 60 மீட்டருக்கும் மேல் உயர்கிறது, அது எல்லோருக்கும் தெரியும். கவனிக்க வேண்டியது சுவரை. அது இரண்டு தளமாக எழும்புகிறது, கோட்டங்களின் எண்ணிக்கை பெருகிவிடுகிறது, அவற்றின் மேல்வரிசை ஏறத்தாழ முழுவதிலும் ஒரே உருவம் திரும்பத் திரும்ப வருகிறது. அது வில்லேந்திய திரிபுராந்தகர், முப்புரம் எரித்த போர்வீரச் சிவன். ஐந்து கோட்டங்களின் வழக்கமான ஒழுங்கைக் காலையில் கண்ட கண்ணுக்குத்தான், ஓர் அரசன் அந்த ஒழுங்குக்குள் தன் படைவலிமையை எப்படி நுழைத்திருக்கிறான் என்பது உறைக்கும். தஞ்சையில் தொடங்குபவருக்கு அது இன்னொரு சிலை வரிசையாகவே கடந்துபோகும்.

மறுநாள் விடியற்காலையில் கங்கைகொண்ட சோழபுரம். தஞ்சையிலிருந்து சுமார் 70 கிலோமீட்டர் என்பதால் நடை சாத்துவதற்கு முன் போதிய நேரம் வேண்டுமானால் சீக்கிரம் கிளம்பியாக வேண்டும். கும்பகோணம், அணைக்கரை வழியாகச் செல்வதே சிறந்தது. கொள்ளிடத்தின் குறுக்கே 1836-இல் கட்டப்பட்ட கீழணையைக் கடந்துதான் அந்தச் சாலை போகிறது, அந்த அணைக்காகத்தான் இராஜராஜனின் மகன் இராஜேந்திரன் எழுப்பிய கோயிலின் மதிலிலிருந்தும் கோபுரத்திலிருந்தும் கற்கள் பெயர்க்கப்பட்டன. அணையைப் பார்த்துவிட்டுக் கோயிலுக்குப் போனால், சுற்றிலும் ஏன் இவ்வளவு வெறுமை என்ற கேள்விக்கு முன்பே விடை கிடைத்திருக்கும். தந்தையின் விமானம் நேர்கோட்டில் ஏறுகிறது, மகனுடையது உட்குழிந்து வளைந்து ஏறுகிறது. முந்தைய மாலையின் நினைவு மங்காமல் இருந்தால்தான் இந்த வேறுபாடு தெரியும். வடபுறப் படிக்கட்டின் அருகே சண்டேசருக்குச் சிவன் தன் கையால் மாலை சூட்டும் சிற்பத்தின் முன் நின்றுவிட்டு, மாளிகைமேட்டுக்கும் போய்வர வேண்டும். ஏறத்தாழ 250 ஆண்டுகள் தலைநகராக இருந்த ஊரின் அரண்மனையில், அகழ்ந்தெடுத்த செங்கல் அடித்தளங்களே இன்று காணக்கிடைக்கின்றன.

திரும்பும் வழியில் மாலை தாராசுரம். இரண்டாம் இராஜராஜன் காலத்துக்கு வரும்போது விமானம் 24 மீட்டர் அளவுக்குச் சுருங்கிவிட்டது, ஆனால் சுவர் முழுக்கக் கதைகள் நிறைந்துவிட்டன. அதற்கு ஒரு தலைமுறைக்கு முன் சேக்கிழார் பாடிய நாயன்மார் வரலாறுகள் இங்கே கருவறையைச் சுற்றிச் சிறு புடைப்புச் சிற்பங்களாக, பெயர் பொறித்த எழுத்துகளோடு இருக்கின்றன. பக்கத்திலேயே பட்டீஸ்வரத்தை ஒட்டிப் பழையாறை இருக்கிறது. சோழர் அரண்மனை இருந்த ஊர் இன்று சில சிற்றூர்களாகக் கலைந்துவிட்டது, அவற்றில் ஒன்றின் பெயர் சோழன் மாளிகை. வெளிச்சம் இருந்தால் போகலாம்.

கலைக்கூடத்தைக் கடைசி நாளுக்கு வைக்கச் சொல்வதற்கு எனக்கு வலுவான காரணம் உண்டு. அங்குள்ள கல் சிற்பங்களுள் குறிப்பிடத்தக்க யானை உரித்த பெருமான் தாராசுரத்திலிருந்து கொண்டுவரப்பட்டவர். தாராசுரத்தின் அளவையும் கல்லையும் அறிந்த பிறகு பார்த்தால் அவருக்கு ஓர் ஊர் இருக்கிறது, அதற்கு முன் பார்த்தால் பீடமும் பெயர்ப்பலகையும்தான் இருக்கின்றன. செப்புத் திருமேனிகளுக்கும் இது பொருந்தும். கோயிலில் உற்சவரைப் பட்டும் மாலையும் மறைத்துவிடுவதால் முகத்தைத்தான் நாம் காண்கிறோம். 1011-ஆம் ஆண்டைச் சேர்ந்த திருவெண்காட்டு ரிஷபவாகனரின் தலைப்பாகையையும், அருகில் இல்லாத காளையின் மேல் சாய்ந்திருக்கும் கையையும், இடுப்பின் வளைவையும் கூடத்தில்தான் முழுமையாகக் காண முடியும். பெரிய கோயில் எழுந்த அதே ஆண்டுகளின் வார்ப்பு அது என்பதை அங்கே யாரும் சொல்லத் தேவையிருக்காது. கூடம் இருப்பது நாயக்கர், மராத்தியர் அரண்மனைக்குள் என்பதால், வெளியே வந்ததும் அடுத்த காலம் தானாகவே தொடங்கிவிடும். முதல் நாள் தள்ளிவைத்த முருகன் கோயிலை அதற்குப் பிறகு பார்க்கலாம்.

தஞ்சைக்கும் கும்பகோணத்துக்கும் இடையே 40 கிலோமீட்டரை இப்படி மீண்டும் மீண்டும் கடப்பது முதியவர்களுக்குச் சிரமம்தான். அவர்களோடு போகும்போது கும்பகோணத்திலேயே தங்கி, இரண்டாம் நாளைக் கங்கைகொண்ட சோழபுரத்துக்கு மட்டும் விட்டுவிட்டு, மூன்றாம் நாள் தஞ்சைக்குப் போகும் வழியில் தாராசுரத்தைப் பார்த்துக்கொள்ளலாம், வரிசை குலையாது. ஒரே நாள்தான் கையில் இருக்கிறது என்றால் புள்ளமங்கை, கலைக்கூடம், மாலையில் பெரிய கோயில் என்று நிறுத்திக்கொள்வேன். கங்கைகொண்ட சோழபுரத்தை ஒரு மணி நேரத்தில் ஓடிப் பார்ப்பதைவிட இன்னொரு முறைக்கு வைத்துக்கொள்ளலாம்.