“சரி மேடம்”, ஆனால் எதுக்குச் சரி?

வெளிநாட்டில் வீட்டு வேலை செய்யும் அக்காவுக்கோ சித்திக்கோ வாட்ஸ்அப் மெசேஜ் மொழிபெயர்த்துக் கொடுக்கிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். ஊரில் இருக்கிற மகனோ, அங்கேயே இருக்கிற தோழியோ, இல்லை போனில் இருக்கிற ஆப்போ, யார் செய்தாலும் சண்டை பெரும்பாலும் ஒரே மாதிரி இடங்களில்தான் வருகிறது. என் கருத்து இதுதான்: லீவும் சம்பளமும் பேசும் மெசேஜை அழகாக, பணிவாக மொழிபெயர்க்கவே கூடாது. முழுசாக மொழிபெயர்க்க வேண்டும். மூலத்தில் இல்லாத தேதியையும் தொகையையும் கேட்டு வாங்கிவிட்டுத்தான் அனுப்ப வேண்டும்.

ஒரு உதாரணம். மேடம் ஆங்கிலத்தில் அனுப்புகிறார்: “ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு ஆள் வர்றாங்க. உன்னால உதவ முடியுமா? திங்கள் எடுத்துக்கலாம், இல்லைன்னா பணம் தர்றேன்.” ஆப் இதை ஏறக்குறைய சரியாகவே தமிழில் தருகிறது. அக்கா பதில் போடுகிறார்: “சரிங்க மேடம், பரவாயில்லை.” இது ஆங்கிலத்துக்குப் போகும்போது ‘ஓகே மேடம், நோ ப்ராப்ளம்’ ஆகிவிடும். வார்த்தை வார்த்தையாகப் பார்த்தால் பிழையே இல்லை. ஆனால் மேடம் கேட்டது இரண்டு கேள்வி. உதவ முடியுமா என்பது ஒன்று, அதற்கு ஈடாகத் திங்களா பணமா என்பது இன்னொன்று. ஒரே ‘சரி’ இரண்டுக்கும் பதிலாகிவிட்டது. மேடம் அதை ‘இவளுக்கு எதுவும் வேண்டாம்போல’ என்று எடுத்துக்கொள்கிறார். அக்கா ‘பணம் தர்றேன்னு சொன்னாங்களே’ என்று காத்திருக்கிறார். திங்களும் போயிற்று, மாசக் கடைசியில் பணமும் வரவில்லை. இதில் பொய் சொன்னவர் என்று யாரும் கிடையாது.

மொழிபெயர்ப்பவர் இங்கே செய்ய வேண்டியது, அக்காவிடம் திரும்பக் கேட்பது: “திங்கள் லீவு வேணுமா, பணம் வேணுமா?” பதில் வந்த பிறகு இப்படி அனுப்பலாம்: “ஞாயிறு, ஜூன் 14, நான் வேலை செய்கிறேன். அதற்குப் பதிலாகத் திங்கள், ஜூன் 15, காலையிலிருந்து இரவு வரை எனக்கு லீவு. சரியா?” மேடத்தின் ‘எஸ்’ வந்தால்தான் அது முடிந்த பேச்சு. தேதியில் மாசத்தின் பெயரை எழுத்தில் எழுதுங்கள். 05/06 என்று போட்டால் சிலருக்கு அது ஜூன் 5, சிலருக்கு மே 6.

பணம்தான் வேண்டும் என்றால் தொகை அதே மெசேஜில் இருக்க வேண்டும். ‘ஒரு நாள் சம்பளம்’ என்பது கேட்க முழுசாக இருந்தாலும் முழுசில்லை. மாதச் சம்பளம் 650 என்றால், 26-ஆல் வகுத்தால் ஒரு நாளுக்கு 25. 30-ஆல் வகுத்தால் 21.67. சிங்கப்பூரில் கணக்கு 26 நாளுக்கு. அங்கே வாராந்திர ஓய்வு நாளில் வேலை செய்யச் சம்மதித்தால், குறைந்தது ஒரு நாள் சம்பளம் கூடுதலாகத் தர வேண்டும், அல்லது அதே மாதத்துக்குள் மாற்று நாள் தர வேண்டும். 2023 ஜனவரியிலிருந்து மாதத்தில் ஒரு ஓய்வு நாளையாவது பணம் கொடுத்துச் சரிக்கட்டவே முடியாது. ஆக, நாலு ஞாயிறும் ‘பணம் வாங்கிக்கோ’ என்று வந்தால் மொழிபெயர்ப்பவர் அதையும் அக்காவிடம் சொல்லலாம். ஆனால் தனியாகச் சொல்லுங்கள். மேடத்தின் மெசேஜுக்குள் உங்கள் கருத்தைக் கலந்துவிட்டால், எது அவர் சொன்னது, எது நீங்கள் சொன்னது என்று அக்காவுக்குத் தெரியாமல் போகும்.

லீவு என்ற விஷயத்தில் இன்னொரு வழுக்கலும் உண்டு. ‘ஞாயிறு வெளியே போய்ட்டு வா’ என்று வருவதை ‘ஞாயிறு லீவு’ என்று மாற்றிவிடுகிறோம். சமையல் முடித்துவிட்டு மூணு மணி நேரம் கடைக்குப் போய்வருவது லீவாகாது. வீட்டுப் பணியாளர்களுக்கான சர்வதேச தொழிலாளர் அமைப்பின் 189-ஆம் உடன்படிக்கை (2011) வாராந்திர ஓய்வு என்று சொல்வது தொடர்ச்சியான 24 மணி நேரத்தை. அதனால் எத்தனை மணி முதல் எத்தனை மணி வரை என்று கேட்டு எழுதுங்கள். இன்னொரு பக்கம், அரபு வீடுகளில் லீவு கேட்டால் ‘இன்ஷா அல்லாஹ்’ என்று பதில் வரும். அதை ‘சரி’ என்று மொழிபெயர்க்காதீர்கள். அப்படியே எழுதிவிட்டு, “எந்தத் தேதி?” என்று அடுத்த மெசேஜில் கேட்கச் சொல்லுங்கள்.

சம்பளத்தில் என்னை அதிகம் பயமுறுத்துவது ‘பிடிச்சுக்கோங்க’. “200 அட்வான்ஸ் வேணும், அடுத்த மாசம் பிடிச்சுக்கோங்க.” நமக்கு இதில் குழப்பமே இல்லை. ஆப் இதை ‘ஹோல்ட்’ என்ற ஆங்கில வார்த்தையில் கொண்டுபோனால், அடுத்த மாசச் சம்பளத்தை நீங்களே வைத்திருங்கள் என்று படிக்க இடம் உண்டு. சம்பளத்தைக் கையில் கொடுக்காமல் ‘பத்திரமாக வைத்திருக்கிறேன்’ என்று சொல்லும் வீடுகள் இருக்கும்போது, இது சின்ன விஷயமில்லை. “இன்றைக்கு 200 தாருங்கள். ஜூலை சம்பளம் 650-இல் 200 கழித்து 450 தாருங்கள்.” இப்படி எழுதினால் எந்த மொழிக்குப் போனாலும் கெடாது, ஏனென்றால் கணக்கே மெசேஜுக்குள் இருக்கிறது.

வேலை பற்றிய மெசேஜ்களில் பெரும்பாலானவை தப்பினாலும் ஆபத்தில்லை. எந்தத் துணி, எந்த அறை என்று நேரில் கேட்டுக்கொள்ளலாம். மருந்து மட்டும் அப்படியில்லை. “பாப்பாவுக்கு மருந்து கொடுத்தாச்சு” என்ற வாக்கியத்தில் கொடுத்தது யார் என்றே இல்லை. ஆப் ‘நான்’ என்றோ ‘அவர்’ என்றோ தானாக ஒன்றைச் செருகும். ஏற்கெனவே ஐயா கொடுத்ததை அக்கா சொன்னாரா, தானே கொடுத்ததைச் சொன்னாரா? இரண்டாவது டோஸ் கொடுப்பதா வேண்டாமா என்பது அதைப் பொறுத்தது. “நான் இரவு 8 மணிக்கு 5 மில்லி கொடுத்தேன்.” இதற்குமேல் அதில் ஒன்றும் வேண்டாம்.

‘இல்லையா?’ என்று முடியும் கேள்விகளையும் மாற்றிக் கேட்கச் சொல்லுங்கள். ‘நாளைக்கு உனக்கு லீவு இல்லையா?’ என்றால் நாம் ‘ஆமா’ என்போம், இல்லை என்ற அர்த்தத்தில். அது ‘எஸ்’ ஆகப் போய்ச் சேர்ந்தால், நாளைக்கு லீவு இருக்கிறது என்று அங்கே புரியும். ‘ஆமா, லீவு இல்லை’ என்று வாக்கியத்தை முடித்து அனுப்பினால் போதும்.

ஆப் தந்ததைத் திரும்பத் தமிழுக்கு மாற்றிப் பார்ப்பது நல்ல சோதனைதான். எண், நாள், ‘இல்லை’, யார் யாருக்கு என்ற நாலையும் அதில் பாருங்கள். ஆனால் மேலே சொன்ன ‘சரிங்க மேடம்’ அந்தச் சோதனையில் பிசகே இல்லாமல் தேறிவிடும். விட்டுப்போனதை அது காட்டாது. தமிழை ஆங்கில எழுத்தில் அடித்துப் போட்டால் ஆப் இன்னும் தடுமாறும். தமிழ் எழுத்தில் அடிக்க வராதவர்கள் வாய்ஸ் டைப்பிங் பயன்படுத்தட்டும், ஒரு நேரத்தில் ஒரு வாக்கியம்.

கடைசியாக ஒரு பழக்கம். சம்பள நாளுக்கு முந்தின நாள் அக்கா ஒரே மெசேஜ் அனுப்பட்டும்: “ஜூன் சம்பளம் 650. ஜூன் 21 ஓய்வு நாளில் வேலை, 25. மொத்தம் 675. அட்வான்ஸ் எதுவும் இல்லை. சரியா?” தமிழ் மூலமும் மொழிபெயர்ப்பும் ஒன்றின் கீழ் ஒன்றாக அதே சாட்டில் இருக்கட்டும். தானாக அழியும் மெசேஜ் வசதி அந்தச் சாட்டில் ஆன் ஆகியிருக்கிறதா என்று முதலிலேயே பார்த்துவிடுங்கள். ஆன் ஆகியிருந்தால், மாசாமாசம் ஸ்கிரீன்ஷாட் எடுத்து வேறு ஒருவர் போனுக்கும் அனுப்பிவைக்க வேண்டியிருக்கும்.