ஒரு வரி, பத்து வருஷம்

மெடிக்கல் இன்சூரன்ஸ் கிளெய்ம் விசாரணைக்கு ஆள் வருகிறார் என்றாலே நம்மைத் திருடன் என்று நினைத்துவிட்டார்கள் எனப் பதறுகிறோம். எங்கள் கொழிஞ்சாம்பாறை வீட்டுக்கு வந்தபோது நானும் பதறினேன். அவர் உண்மையில் என்ன பார்த்தார் என்பதைச் சொல்கிறேன், யாருக்காவது உதவும்.

அம்மாவுக்குக் காலில் புண் ஆறாமல் கோயம்புத்தூரில் ஆறு நாள் படுக்கை. பாலிசி எடுத்து இரண்டு வருஷம்தான் ஆகியிருந்தது. விசாரணை அதிகாரி வீட்டுக்கு வருமுன்பே ஆஸ்பத்திரியில் கேஸ் ஷீட்டை வாங்கிப் பார்த்துவிட்டார். நர்ஸ் எழுதும் காய்ச்சல், பிரஷர் சார்ட் ஆறு நாளும் இருக்கிறதா, மருந்துக்கடை பில்லில் உள்ள ஊசி மருந்து சார்ட்டிலும் ஏறியிருக்கிறதா, லேப் ரிஜிஸ்டரில் அம்மா பெயர் உண்டா என்றெல்லாம் ஒத்துப் பார்ப்பார்கள். அதெல்லாம் சரியாக இருந்தது. சிக்கல் ஒரே ஒரு வரியில். "பத்து வருடமாகச் சர்க்கரை" என்று டியூட்டி டாக்டர் எழுதியிருந்தார்.

சேர்த்த ராத்திரி, எத்தனை வருஷமாகச் சர்க்கரை என்று கேட்டதற்குத் தம்பி பதற்றத்தில் வாய்க்கு வந்ததைச் சொல்லியிருக்கிறான். உண்மையில் கண்டுபிடித்து ஒரு வருஷம்கூட ஆகவில்லை. ஆனால் அந்த வரிப்படி, பாலிசி எடுக்கும்போது நோயை மறைத்தோம் என்றாகிவிடும்.

வீட்டில் அவர் கேட்டதும் அதைத்தான். முதல் சீட்டு எங்கே, எந்தக் கடையில் மாத்திரை வாங்குவீர்கள், முன்பு யாரிடம் காட்டினீர்கள். அவருடைய அடையாள அட்டையையும் கம்பெனி கொடுத்த கடிதத்தையும் முதலில் வாங்கிப் பார்த்தேன். அப்புறம் குடும்ப ஆரோக்கிய மையத்துச் சீட்டு, முதல் ரத்தப் பரிசோதனை இரண்டுக்கும் நகல் கொடுத்தேன். ஒரிஜினலைக் காட்டினால் போதும், கொடுக்க வேண்டாம்.

வாக்குமூலத்தை அவர் மலையாளத்தில் எழுதினார். அம்மாவுக்குப் பேச வரும், வாசிக்க வராது. படித்துக் காட்டச் சொன்னேன். பல வருஷமாகிவிட்டது என்ற பொருளில் "குறே வர்ஷமாயி" என்று ஒரு இடத்தில் இருந்தது. அம்மா அப்படிச் சொல்லவில்லை. அதை அடிக்க வைத்து, சரியான மாதத்தை அம்மா தன் கையால் தமிழில் எழுதிக் கையெழுத்திட்டார். நான் போட்டோ எடுத்துக்கொண்டேன். அவரும் தடுக்கவில்லை. அவர் வேலையை அவர் செய்தார், அவ்வளவுதான்.

அடுத்த நாளே ஆஸ்பத்திரியில் கேஸ் ஷீட் நகல் கேட்டு எழுதிக் கொடுத்தோம். நோயாளி கேட்டால் 72 மணி நேரத்துக்குள் டாக்டர் தர வேண்டும் என்பது விதி. கேஸ் ஷீட்டைத் திருத்தச் சொல்லாதீர்கள், அது மோசடியாகிவிடும். சிகிச்சை செய்த டாக்டரிடம் பழைய ரிப்போர்ட்டைக் காட்டினோம். நோய் எப்போது தெரிந்தது என்று அவர் தனிக் கடிதம் கொடுத்தார்.

உண்மையிலேயே பத்து வருஷம் என்றால் இதெல்லாம் உதவாது, உதவவும் கூடாது. எங்களுக்குப் பணம் வந்துவிட்டது. வராமல் போனால் மறுத்த காரணத்தை எழுத்தில் வாங்கி, முதலில் கம்பெனியின் குறைதீர்ப்புப் பிரிவுக்கு எழுதலாம். அங்கும் மறுத்தால் ஒரு வருஷத்துக்குள், இன்சூரன்ஸ் புகார்களை விசாரித்துத் தீர்க்கும் ஆம்புட்ஸ்மேனிடம் போகலாம். கேரளாவில் இருக்கும் நமக்கு அது கொச்சியில். கட்டணம் கிடையாது, வக்கீலும் வேண்டாம்.